"அப்படியெல்லாம் யாரையும் மாத்த மாட்டோம்"

முதல் கம்பெனியில் எனக்கு வந்த ஆஃபர் லெட்டர் ஆறு பக்கம். சம்பளம் முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டு அச்சாகியிருந்தது. அதை நாலு தடவை படித்தேன். பணியிடம் பற்றிய பத்தி நான்காம் பக்கத்தில், ரகசியக் காப்புக்கும் விடுமுறைக்கும் நடுவே இருந்தது. அதை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. படிக்காததற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன்: "வேலை எங்கே?" என்று ரெக்ரூட்டரிடம் போனில் ஏற்கெனவே கேட்டாயிற்று. "நீங்க இந்த ஆபீஸ்லதான் இருப்பீங்க, டீமே இங்கதான் இருக்கு" என்று அவர் சொன்னார். பொய் சொல்லவில்லை. அன்றைக்கு டீம் அங்கேதான் இருந்தது.

எட்டாவது மாதம் புராஜெக்ட் முடிந்தது. ஒரு மெயில் வந்தது. பதினைந்து நாளில் இன்னொரு நகரத்து ஆபீஸில் போய்ச் சேர வேண்டும் என்று நான்கே வரியில் இருந்தது. அன்று ராத்திரிதான் நான்காம் பக்கத்தைத் திறந்தேன்.

அந்தப் பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "உங்கள் தொடக்கப் பணியிடம் மேற்கண்ட அலுவலகம். நிறுவனம் தன் முழு விருப்பப்படி, தற்போதுள்ள அல்லது இனி தொடங்கப்படும் தன் எந்த அலுவலகத்துக்கும், குழும நிறுவனத்துக்கும், வாடிக்கையாளர் இடத்துக்கும் உங்களை மாற்றலாம். மாற்றப்பட்டபின் அந்த இடத்தில் நடைமுறையில் உள்ள விதிகள் உங்களுக்குப் பொருந்தும்."

மூன்று வாக்கியம்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலை செய்கிறது. "தொடக்க" என்ற ஒரு சொல், பணியிடம் என்று எழுதியிருப்பதை வெறும் முதல் நாள் முகவரியாக்கிவிடுகிறது. "முழு விருப்பப்படி" என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "குழும நிறுவனம்" என்றால் சம்பளம் கொடுக்கும் முதலாளியே மாறலாம். அப்படி மாறினால் பழைய சேவைக் காலம் சேர்ந்து வருமா என்பது தனிக் கேள்வி. கடைசி வாக்கியம்தான் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போவது. சில கம்பெனிகளில் ஊருக்கு ஊர் சம்பள அடுக்கு வேறு. "அங்குள்ள விதிகள் பொருந்தும்" என்பதை வைத்துக்கொண்டு, இடம் மாறும்போது சம்பளத்தையும் தொட முடியும்.

"இனி தொடங்கப்படும்" என்று ஏன் மெனக்கெட்டு எழுதுகிறார்கள் என்பதற்கு ஒரு பழைய வழக்கு நல்ல விளக்கம். 1960இல் இந்திய உச்ச நீதிமன்றம் குந்தன் சர்க்கரை ஆலை வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. தொழிலாளர்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதலாளி வேறு ஊரில் புதிதாக ஆரம்பித்த ஆலைக்குப் போகும்படி அவர்களுக்கு உத்தரவு. போக மறுத்தார்கள், வேலை போயிற்று. வேலை ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை வெளிப்படையாகவோ உட்பொருளாகவோ இல்லாதபோது, பிற்பாடு தொடங்கிய ஆலைக்கு மாற்ற முதலாளிக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கிற சொற்கள்தாம் "தற்போதுள்ள அல்லது இனி தொடங்கப்படும்".

நிபந்தனை எழுதியிருந்தால் கதையே வேறு. இங்கிலாந்தில் 1989இல் தீர்ப்பான ஒரு வழக்கு உண்டு. வங்கியில் கீழ்நிலைப் பணியில் இருந்த ஒருவரை, லீட்ஸிலிருந்து பர்மிங்ஹாமுக்கு ஒரு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் போகச் சொன்னார்கள். எங்கும் மாற்றலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. இருந்தாலும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதாமலே அடங்கியது என்று மேல்முறையீட்டு நடுவர் மன்றம் ஊழியருக்குச் சாதகமாகச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் "நியாயமான அவகாசம்" என்ற இரண்டு சொல்லுக்காக ஒருவர் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. அதே இடத்தில் "60 நாள்" என்று ஓர் எண் எழுதியிருந்தால் அந்தப் படியே தேவையில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் அந்த எண்ணை எழுத வைப்பது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு அந்த ஊருக்குப் போக முடியாது. வீட்டுச் சூழ்நிலை அப்படி. சரி, வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் மற்ற பக்கங்களும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பது தெரிந்தது.

இரண்டாம் பக்கத்தில் ஜாயினிங் போனஸ்: சேர்ந்த 18 மாதத்துக்குள் எந்தக் காரணத்துக்காக விலகினாலும் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். ஐந்தாம் பக்கத்தில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். அதே பக்கத்தில் இன்னொரு வரி: அனுமதியில்லாமல் தொடர்ந்து ஏழு நாள் வராவிட்டால், தானாகவே வேலையைக் கைவிட்டதாகக் கருதப்படும்.

தேதி போட்டுப் பார்த்தேன். மெயில் வந்த நாளை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பதினைந்தாம் நாளுக்குள் புது ஆபீஸில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இருபத்திரண்டாம் நாள் கைவிட்டவன் ஆகிறேன். ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, அடுத்த கம்பெனி பின்னணி சரிபார்க்கும்போது அது கேள்வியாக வரும். ஒன்றாம் நாளே ராஜினாமா கொடுத்தாலும் நோட்டீஸ் தொண்ணூறாம் நாள்வரை ஓடும். அதில் முதல் பதினைந்து நாள் போக, மீதி 75 நாளை எங்கே கழிப்பது? மாற்றல் உத்தரவு அப்படியே இருக்கிறதே! ஆக, போகமாட்டேன் என்று சொல்லி வேலையை விடுகிறவன், போகாத ஊரில் 75 நாள் இருந்துவிட்டுத்தான் விட முடியும்.

அப்படித்தான் இருந்தேன். வாடகை என் கைக்காசு. கடைசியில் போனஸையும் திருப்பிக் கட்டினேன். அதிலும் ஒரு குட்டு: எனக்குப் போனஸ் வந்தபோது வரி பிடித்துக்கொண்டு மீதிதான் கையில் வந்தது. திருப்பிக் கேட்டபோது வரி பிடிக்கும் முன்பிருந்த முழுத் தொகையைக் கேட்டார்கள். கடிதத்தில் "முழுத் தொகை" என்றுதானே இருக்கிறது.

மாற்றல் ஷரத்தை மட்டும் தனியாகப் படித்தால் "எங்கும் போகச் சொல்லலாம்" என்பதோடு நின்றுவிடுவோம். போக மறுத்தால் என்ன ஆகும் என்பது வேறு வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கும். இப்போது எந்த ஆஃபர் லெட்டர் வந்தாலும் நான் செய்கிற முதல் வேலை ஒரு தாளில் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான். எட்டாவது மாதம் மெயில் வருவதாக வைத்து, அவகாசம், நோட்டீஸ், கைவிட்டதாகக் கருதும் நாள், போனஸ் நாலையும் ஒரே வரிசையில் தேதியாக எழுதுவேன். பத்து நிமிஷ வேலை. எந்த இடத்தில் மாட்டுவேன் என்று அந்த வரிசையே காட்டிவிடும். ரெக்ரூட்டரிடம் எதைக் கேட்பது என்பதும் அதிலிருந்துதான் வரும்.

மூன்றாவது கம்பெனியின் ஆஃபர் வந்தபோது அப்படித்தான் உட்கார்ந்தேன். பத்தி கிட்டத்தட்ட முதல் கம்பெனியின் அதே பத்தி. சொல்லப்போனால் ஒரே ஆள் இரண்டு கம்பெனிக்கும் எழுதினாரோ என்று தோன்றும். நோட்டீஸ் 90 நாள், போனஸ் 12 மாதம், கைவிடல் பத்து நாள். ஆஃபரை ஏற்க ஐந்து நாள் கெடு.

அப்போது வேலை பார்த்த இரண்டாவது கம்பெனியில் நான் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. இது முக்கியம். கேட்கிற கேள்விக்கு எடை இருப்பது ராஜினாமா கொடுக்கும் முன்புதான். கொடுத்த பிறகு அதே கேள்வி வெறும் வேண்டுகோள். ரெக்ரூட்டருக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் "முதல்ல ராஜினாமா போட்டுடுங்க, லெட்டர் திருத்தி அனுப்பறோம்" என்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "லெட்டர் வந்த அன்னைக்கே போட்டுடறேன்."

அவரை முதலில் போனில்தான் கூப்பிட்டேன். மெயிலில் ஆரம்பித்தால் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். பணியிடம் பற்றிய பத்தியில் சில திருத்தம் கேட்க வேண்டும், விவரம் மெயிலில் அனுப்புகிறேன் என்றேன்.

"அது ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட்ங்க. எல்லாருக்கும் அதேதான். அப்படியெல்லாம் யாரையும் மாத்த மாட்டோம்" என்றார்.

எனக்குப் பழைய குரல் காதில் கேட்டது. ஆனால் அவரிடம் கோபப்பட்டு என்ன பயன்? ரெக்ரூட்டருக்கு அந்தப் பத்தியில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற அதிகாரம் கிடையாது. வெளி ஏஜென்சியாக இருந்தால் சுத்தமாகக் கிடையாது. கம்பெனியின் சொந்த ரெக்ரூட்டராக இருந்தாலும் எச்.ஆர். தலைமையிடமும், சில இடத்தில் சட்டப் பிரிவிடமும் போய்த்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். அதனால் அவரிடம் கேட்க வேண்டியது "மாற்றித் தருவீர்களா?" இல்லை. "இதை யார் ஒப்புக்கொள்ள வேண்டும், அவர்களுக்கு என்ன அனுப்பினால் உங்களுக்கு வேலை சுலபம்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க என்ன வார்த்தை வேணும்னு எழுதியே அனுப்பிடுங்க, நான் அப்படியே ஃபார்வர்ட் பண்றேன்" என்றார்.

இதைத்தான் நான் தேடியதும். "பணியிடம் பற்றிக் கொஞ்சம் தெளிவுபடுத்த முடியுமா?" என்று பொதுவாகக் கேட்டால், பொதுவான பதில்தான் வரும்: "நிச்சயமாக, உங்கள் பணியிடம் இந்த அலுவலகமே, கவலைப்பட வேண்டாம்." படிக்க இதமாக இருக்கும், எதையும் கட்டுப்படுத்தாது. கடிதத்தில் ஒட்டக்கூடிய வாக்கியத்தை நாமே எழுதிக் கொடுத்தால், மேலே இருப்பவர் சரி, இல்லை, அல்லது இந்த எண்ணை மாற்று என்று மூன்றில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

மெயிலை ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன். தமிழில் இப்படி இருக்கும்:

"ஆஃபருக்கு நன்றி. சம்பளம், பதவி, சேரும் தேதி எல்லாம் எனக்குச் சம்மதம். பணியிடம் தொடர்பாகக் கீழ்க்கண்ட வாக்கியங்களைக் கடிதத்திலோ அதன் இணைப்பிலோ சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பணியிடம் இன்ன முகவரியில் உள்ள அலுவலகம். இங்கிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் உள்ள இடத்துக்கு மாற்றுவதானால், 90 நாள் முன்பாக எழுத்தில் அறிவிக்கப்படும். இடம்பெயரும் செலவை நிறுவனம் ஏற்கும். அடிப்படைச் சம்பளம் குறையாது.

அத்தகைய மாற்றத்தை ஏற்க இயலாமல் நீங்கள் விலகினால், நோட்டீஸ் காலத்தைத் தற்போதைய பணியிடத்திலேயே முடிக்கலாம்; ஜாயினிங் போனஸைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்திலிருந்தும் மூன்று நாள் வீட்டிலிருந்தும் பணிபுரிவீர்கள்.

இவை உறுதியானதும் அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன். கெடு ஐந்து நாள் என்பதால், தேவைப்பட்டால் கெடுவை நீட்டித்து ஒரு வரி அனுப்ப வேண்டுகிறேன்."

சம்பளம் சம்மதம் என்று முதலிலேயே சொன்னது வேண்டுமென்றேதான். இடத்தைப் பற்றிப் பேசுகிறவன் கடைசியில் சம்பளத்துக்கு வருவான் என்று அவர்கள் காத்திருப்பார்கள். அந்தச் சந்தேகத்தை முதல் வரியிலேயே தீர்த்துவிட்டால் மற்றதைப் பொறுமையாகப் படிப்பார்கள். மாற்றல் ஷரத்தையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். அதைக் கேட்டால் கிடைக்காது. பல ஊரில் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனிக்கு அந்த உரிமை இல்லாமல் வேலை நடக்காது, அதுவும் நியாயம்தான். உரிமை அவர்களிடமே இருக்கட்டும். பயன்படுத்தும்போது யார் செலவு, எத்தனை நாள், மறுத்தால் என்ன என்று மூன்றுக்கு மட்டும் பதில் எழுதியிருந்தால் எனக்குப் போதும்.

40 கிலோமீட்டர் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நண்பர் ஒருவர் கேட்டார். தினம் போய்வர முடிகிற தூரத்தை நானே வரைபடத்தில் அளந்து வைத்த எண். "வேறு நகரம்" என்று எழுதியிருக்கலாம். ஆனால் நகரத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை யாரும் ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள், ஊரின் இன்னொரு கோடியில் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளையும் அதே நகரம்தான். கிலோமீட்டர் என்றால் தகராறு இல்லை.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை, நேர்காணல் எடுத்த மேலாளருக்கு ஒரு சின்ன மெயில் போட்டேன். ரெக்ரூட்டரைத் தாண்டிப் போவதாகத் தோன்றக் கூடாது என்று அவரையும் நகலில் சேர்த்தேன். "சேர ஆவலாக இருக்கிறேன், பணியிடம் பற்றி ஒரு திருத்தம் எச்.ஆரிடம் காத்திருக்கிறது" என்பதற்கு மேல் எழுதவில்லை. ஆள் வேண்டும் என்ற அவசரம் உண்மையில் மேலாளருக்குத்தான். அன்று மாலையே ரெக்ரூட்டர் கூப்பிட்டார்.

முகவரி போடலாம், "தொடக்க" என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்றார். 90 நாள் முடியாது, 60. சம்பளம் குறையாது என்பதை ஒப்புக்கொண்டார்கள். இடம்பெயரும் செலவுக்கு "நிறுவனக் கொள்கைப்படி" என்று போடுவார்களாம். நோட்டீஸை இங்கேயே முடிக்கலாம் என்பதற்கும் போனஸுக்கும் சரி. வீட்டிலிருந்து வேலை மட்டும் கடிதத்தில் வராது, அதுவும் "கொள்கைப்படி".

"கொள்கைப்படி" என்ற சொல் வந்தால் நான் உடனே கேட்பது அந்தக் கொள்கை ஆவணத்தை. பல ரெக்ரூட்டர்கள் "சேர்ந்ததும் போர்ட்டலில் இருக்கும்" என்பார்கள். இவரும் அதைத்தான் சொன்னார். நான் படிக்காத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட முடியாதே என்றேன். முழு ஆவணம் தரவில்லை, ஆனால் தொடர்புள்ள இரண்டு பக்கத்தை அனுப்பினார். இடம்பெயரும் செலவுப் பக்கம் பரவாயில்லை: பயணம், சாமான் ஏற்றுகூலி, முதல் 15 நாள் தங்கல். வீட்டிலிருந்து வேலை பற்றிய பக்கத்தின் கடைசி வரி, "நிறுவனம் இதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் அல்லது விலக்கிக்கொள்ளலாம்."

இங்கே நான் விட்டுக்கொடுத்தேன். வாரம் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வரச் சொன்னால் இந்த வேலை எனக்கு ஒத்துவருமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பயணம் தொல்லைதான், ஆனால் முடியும். முடியாது என்றிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். ரெக்ரூட்டர் போனில் சொல்லியிருந்த "வாரம் இரண்டு நாள்தான் ஆபீஸ்" என்பதை இல்லாததாகவே வைத்துக்கொண்டு முடிவெடுத்தேன். அதன் பிறகு அந்தச் சலுகை இருக்கிறவரை லாபம்.

நாலாம் நாள் ரெக்ரூட்டரிடமிருந்து மெயில் வந்தது. ஒப்புக்கொண்டதெல்லாம் ஒரு மெயிலில், அவர் பெயரில். "டெம்ப்ளேட் சிஸ்டத்துல லாக் ஆகியிருக்கு, லெட்டர்ல மாத்த முடியல. இந்த மெயிலையே உறுதியா வெச்சுக்கங்க" என்றார்.

நான் இதை எதிர்பார்த்திருந்தேன், ஏனென்றால் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இந்தக் கடிதமே இரு தரப்புக்கும் இடையிலான முழு ஒப்பந்தம், இதற்கு முன் வாய்மொழியாகவோ எழுத்திலோ நடந்த எல்லாப் பேச்சும் இதனால் நீங்கும் என்ற வரி. நாலாம் நாள் மெயில் வருகிறது, ஐந்தாம் நாள் நான் கையெழுத்திடுகிறேன். அந்த வரியின்படி பார்த்தால் மெயில் "முன் நடந்த பேச்சு". என் கையெழுத்தே அதை அழித்துவிடும்.

இதை ரெக்ரூட்டரிடம் சொன்னபோது அவருக்கே அது புதிதாக இருந்தது. டெம்ப்ளேட்டைத் தொடவே வேண்டாம் என்றேன். தனித் தாளில் "இணைப்பு 1" என்று தலைப்பிட்டு, அதே வாக்கியங்களை எழுதி, கடிதத்தில் கையெழுத்திட்ட அதே அதிகாரி அதிலும் கையெழுத்திட்டால் போதும். அந்தத் தாளின் முதல் வரியில் இரண்டு விஷயம் மட்டும் இருக்க வேண்டும்: இந்த இணைப்பு இன்ன தேதியிட்ட ஆஃபர் லெட்டரின் பகுதி, இரண்டுக்கும் முரண் வந்தால் இணைப்பே செல்லும். இரண்டாவது விஷயம் இல்லாவிட்டால், கடிதத்தில் "முழு விருப்பப்படி" என்றும் இணைப்பில் "60 நாள்" என்றும் இருக்கும், எது செல்லும் என்று மறுபடியும் சண்டை.

கெடுவை மூன்று நாள் நீட்டித்தார்கள். ஏழாம் நாள் இணைப்பு வந்தது. படித்தேன். எண்களைச் சரிபார்த்தேன். போனஸ் வரியில் "நிறுவனத்தின் உத்தரவால் ஏற்படும் மாற்றத்தை ஏற்க இயலாமல்" என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்திருந்தார்கள். நானாக மாற்றல் கேட்டு, பிறகு வேண்டாம் என்று விலகினால் போனஸ் திருப்ப வேண்டும் என்று அர்த்தம். நியாயம்தான். கையெழுத்திட்டேன், அன்று மாலையே இரண்டாவது கம்பெனியில் ராஜினாமா கொடுத்தேன். ரெக்ரூட்டர் போன் செய்து, "இவ்வளவு கேட்டவங்க யாரும் இல்லைங்க" என்றார். பாராட்டா அலுப்பா என்று குரலில் தெரியவில்லை, இரண்டும் பாதிப் பாதி இருக்கலாம்.

கதை அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். சேர்ந்த நாள் காலை, அடையாள அட்டை, லேப்டாப் எல்லாம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும், போர்ட்டலில் ஏழு ஆவணங்களை ஏற்கச் சொல்லி வரிசையாக வந்தது. வங்கி விவரம், நடத்தை விதிகள், அப்புறம் அப்பாயின்ட்மென்ட் லெட்டர். பலரும் ஆஃபர் லெட்டரும் இதுவும் ஒன்றென்று நினைக்கிறோம். இல்லை. ஆஃபர் என்பது வேலை தருவதாகச் சொல்வது. பல கம்பெனிகளில் முழு நிபந்தனையும் உள்ள கடிதம் சேரும் நாளில்தான் வரும். இது பதினோரு பக்கம். பணியிடம் ஏழாம் பக்கத்தில். "உங்கள் தொடக்கப் பணியிடம்" என்று ஆரம்பித்தது. கடைசிப் பக்கத்தில், ஆஃபர் லெட்டர் உட்பட முந்தைய எல்லா ஆவணங்களும் இதனால் நீங்கும் என்ற வரி.

பக்கத்து நாற்காலியில் என்னோடு சேர்ந்தவர் ஏழு ஆவணத்தையும் இரண்டு நிமிஷத்தில் ஏற்றுவிட்டு, "உங்களுக்கு லோட் ஆகலையா?" என்று கேட்டார். லோட் ஆகிவிட்டது, படிக்கிறேன் என்றேன்.

மற்ற ஆறையும் ஏற்றுவிட்டு, அதை மட்டும் விட்டுவைத்து, எச்.ஆருக்கு இணைப்பு 1இன் பிரதியோடு மெயில் அனுப்பினேன்: "இது அப்பாயின்ட்மென்ட் லெட்டரோடு சேரவில்லை, சேர்த்துத் தந்தால் உடனே ஏற்கிறேன்." யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தைத் தயாரிப்பது வேறு குழு, அவர்களுக்கு இணைப்பு பற்றி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மத்தியானம் மூன்று மணிக்குப் பன்னிரண்டாவது பக்கமாக இணைப்பு 1 சேர்ந்து, புதுக் கடிதம் வந்தது. நீங்கும் என்ற வரியில் "இணைப்பு 1 நீங்கலாக" என்று இரண்டு சொல் கூடுதலாக இருந்தது. பிரதி எடுத்து என் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டேன், ஏனென்றால் வேலை போகிற நாளில் முதலில் மூடப்படுவது அந்தப் போர்ட்டல்தான். பிறகு ஏற்கிறேன் பொத்தானை அழுத்தினேன்.